பின் ஷாக்கப்சர் அடி வாங்குகிறதா? மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் "டம்" என்று ஒரு அடி விழுந்தால், ஒர்க் ஷாப்பில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஷாக் போயிடுச்சு சார், கேஸ் ஷாக் போட்டுடலாம்." சில சமயம் அது சரியான பதில்தான். ஆனால் பல சமயம் புது கேஸ் ஷாக் மாட்டிய பிறகும் அதே வேகத்தடையில் அதே அடி விழுகிறது. பழுது ஒரு இடத்தில் இருக்க, பணம் வேறு இடத்துக்குப் போனதுதான் காரணம்.

பின் ஷாக் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. வெளியே தெரியும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாயும், அதில் போய்வரும் ராடும், ராடின் முனையில் சின்னத் துளைகள் கொண்ட பிஸ்டனும் இருக்கின்றன. இந்தப் பகுதிக்கு டேம்பர் என்று பெயர். இது எடையைத் தாங்குவதே இல்லை. அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழாமல், எண்ணெயைத் துளை வழியே தள்ள வைத்து அதன் வேகத்தைக் குறைப்பதுதான் இதன் ஒரே வேலை. ஆகவே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கெட்டது ஸ்பிரிங்கா டேம்பரா என்பது. கீழே உள்ள சோதனைகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடத்தான்.

இங்கே சொல்வது இரண்டு பக்கமும் ஷாக் உள்ள பைக்குகளுக்கு: ஸ்ப்ளெண்டர், பல்சர் 150, கிளாசிக் 350 மாதிரி வண்டிகள். ஒற்றை ஷாக் உள்ள ஸ்கூட்டருக்கும் பெரும்பகுதி பொருந்தும். இடது வலது ஒப்பீடுதான் அதில் செய்ய முடியாது.

ஷாக்கில் எண்ணெய் ஈரம் தெரிகிறது

முதலில் அது ஷாக் எண்ணெய்தானா என்று பார்க்க வேண்டும். இடது பக்க ஷாக்கின் கீழ்ப்பகுதியில் கருப்பாக, பிசுபிசுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால், பல வண்டிகளில் அது செயினிலிருந்து தெறித்த லூப்ரிகன்டாகத்தான் இருக்கும். அது சொட்டுச் சொட்டாக, ஒரு பக்கமாகத் தெறித்த மாதிரி இருக்கும். ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்திலும் செயின் கவரிலும் கூட அதே கறை தெரியும். ஷாக் எண்ணெய் அப்படி வராது. ராடு குழாய்க்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சீலிலிருந்து கசிந்து, குழாயைச் சுற்றி வழிந்து, கீழே ஸ்பிரிங் உட்காரும் தட்டில் தேங்கும். அந்தத் தட்டில் புழுதி குழைந்து சேறு மாதிரி நின்றால் சந்தேகம் வலுக்கிறது.

உறுதி செய்ய ஒரு எளிய வழி. இரண்டு ஷாக்கையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடையுங்கள். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே துணியை விட்டு, குழாயின் மேல் விளிம்பு வரை துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரைக் குழாய் மேல் தூவுங்கள். பிறகு மேடுபள்ளமான ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மழை நாளில் இதைச் செய்யாதீர்கள். தண்ணீரும் பவுடரும் சேர்ந்து ஒன்றும் புரியாமல் செய்துவிடும்.

சீல் விளிம்பை ஒட்டி மட்டும் பவுடர் லேசாக நிறம் மாறியிருந்தால் அது கசிவு இல்லை. ராடு ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை இழுத்துக்கொண்டுதான் வரும். அது இல்லாவிட்டால் சீல் காய்ந்து கிழிந்துவிடும். பவுடரில் ஒரு கோடு கீழ் நோக்கி ஓடியிருந்தால், அல்லது தட்டு வரை ஈரம் இறங்கியிருந்தால், சீல் போய்விட்டது. அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

சீல் ஏன் போனது என்று பார்ப்பதும் முக்கியம். ஸ்பிரிங் இடைவெளி வழியே ராடைச் சுற்றிப் பாருங்கள். குரோம் பளபளப்பாக, கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். துருப்புள்ளிகள் இருந்தால், நகத்தை ஓட்டினால் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால், அந்தக் குழிதான் சீலை அறுத்திருக்கிறது. கடலோர ஊர்களில், வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் இது சீக்கிரம் வரும். அப்படிப்பட்ட ராடில் புது சீல் போட்டாலும் நிற்காது.

எண்ணெய் கசியும் ஷாக்கோடு கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று கேட்பார்கள். ஓட்ட முடியும், ஆனால் எண்ணெய் எங்கே சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பின் டயரின் பக்கவாட்டிலோ டிஸ்க் மேலோ இறங்கினால் அன்றே நிறுத்துங்கள். டிஸ்க் பேடில் எண்ணெய் ஏறினால் பேடையும் மாற்ற வேண்டி வரும்.

ஈரம் இல்லை, ஆனால் வண்டி துள்ளிக்கொண்டே போகிறது

சென்டர் ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்கி, யாரையாவது முன்பக்கம் பிடித்து நேராக நிறுத்தச் சொல்லுங்கள். பின் கைப்பிடிக் கம்பியில் உடல் எடையைப் போட்டு அழுத்தி, சட்டென்று விட்டுவிடுங்கள். வண்டி ஒரு முறை எழுந்து, லேசாக இறங்கி அமர்ந்துவிட வேண்டும். எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்து ஆடினால் டேம்பர் செத்துவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான் இது. ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. கையால் அழுத்தும்போது ராடு மெதுவாகத்தான் நகர்கிறது, ரோட்டுப் பள்ளத்தில் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் நகர்கிறது. முழுக்கச் செத்த ஷாக்கை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும், பாதி உயிர் போன ஷாக்கைக் காட்டாது. இரண்டில் ஒன்று நன்றாக இருந்தால் அது மற்றதன் குறையையும் மறைத்துவிடும்.

அதற்கு வேறொரு வழி இருக்கிறது. மேடுபள்ளமான சாலையில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, உடனே இறங்கி இரண்டு ஷாக்கின் எண்ணெய்க் குழாயையும் தொட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்கை அல்ல, உள்ளே இருக்கும் குழாயை. டேம்பர் செய்யும் வேலை எல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியேறுகிறது. நன்றாக வேலை செய்யும் குழாய் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் சில்லென்றும் இருந்தால், சில்லென்று இருப்பதுதான் சும்மா இருந்திருக்கிறது. சைலன்சர் இருக்கும் பக்கம் அதன் சூடும் சேரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொடும்போது கை சைலன்சரில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கைப் பிரிக்க அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் முயலாதீர்கள். மேல் நட்டைச் சும்மா கழற்றினால் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்து முகத்தில் அடிக்கும். கருவி உள்ள கடையில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ராடைக் கையால் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். திசை மாறும் இடத்தில் சில மில்லிமீட்டர் தூரம் எதிர்ப்பே இல்லாமல் "லொடக்" என்று போய், பிறகு பிடித்தால், எண்ணெய் குறைந்திருக்கிறது அல்லது உள்ளே வால்வு தேய்ந்திருக்கிறது. படுக்க வைத்திருந்த ஷாக்கை எடுத்தவுடன் இப்படிச் சோதித்து ஏமாறவும் கூடாது. சாதாரண எண்ணெய் ஷாக்கில் படுத்த நிலையில் காற்று தவறான அறைக்குள் நுழைந்துவிடும். வண்டியில் நிற்கும் நிலையிலேயே நேராகப் பிடித்து ஐந்தாறு முறை முழுதாக இழுத்து அழுத்தினால் காற்று தன் இடத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் லொடக்கு இருந்தால்தான் பழுது.

காலையில் நன்றாக இருந்து, மோசமான சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் துள்ளத் தொடங்கினால், அது வேறு கதை. எண்ணெய் சூடாகி, காற்றோடு கலந்து நுரைத்துவிடுகிறது. பிஸ்டன் துளை வழியே எண்ணெய்க்குப் பதில் நுரை போனால் தடுக்க ஒன்றுமில்லை. நிறுத்திக் குளிர வைத்தால் திரும்பச் சரியாகிவிடும். இந்த ஒரு அறிகுறிக்குத்தான் கேஸ் ஷாக் நேரடியான மருந்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"டம்" என்று அடி விழுகிறது

அடி விழுவது என்றால், ஷாக் தன் முழு ஓட்டத்தையும் முடித்துவிட்டு, ராடில் இருக்கும் ரப்பர் கட்டையில் மோதுகிறது என்று அர்த்தம். அந்த ரப்பரும் உதிர்ந்துபோயிருந்தால் இரும்போடு இரும்பு மோதும்.

உண்மையிலேயே ஷாக்தான் முட்டுகிறதா, அல்லது மட்கார்டு, சென்டர் ஸ்டாண்ட், நம்பர் பிளேட் மாதிரி ஏதாவது சத்தம் போடுகிறதா என்று தெரிந்துகொள்ள, ராடில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேபிள் டை கட்டுங்கள். இறுக்கமாக இல்லாமல், விரலால் தள்ளினால் நகரும் அளவுக்குக் கட்டி, குழாயின் வாயை ஒட்டித் தள்ளிவிடுங்கள். வழக்கமான எடையோடு, வழக்கமான வழியில் ஓட்டுங்கள். ராடு குழாய்க்குள் போகும்போது குழாயின் வாய் டையைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது டை அங்கேயே நின்றுவிடும். அது நின்ற இடம்தான் ஷாக் போன அதிகபட்ச தூரம்.

ரப்பருக்குக் கணிசமான இடைவெளி விட்டு டை நின்றிருந்தால், ஷாக் முட்டவில்லை. சத்தத்துக்குக் காரணம் வேறு. ரப்பரைத் தொட்டு நின்றிருந்தால், பெரிய பள்ளத்தில் எப்போதாவது நடந்ததா, தினசரி வேகத்தடையிலேயே நடக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எப்போதாவது நடந்தால் பரவாயில்லை, ரப்பர் அதற்குத்தான் இருக்கிறது. டை ரப்பருக்குள் நசுங்கிக் கிடந்தால் ஷாக் முழுக்க அடி வாங்குகிறது. மேலே கவர் போட்டு ராடு தெரியாத மாடல்களில் மட்கார்டின் உள்பக்கம், டயருக்கு நேர் மேலே கெட்டியான கிரீஸை ஒரு கட்டியாக அப்பி வைத்து, டயர் அதைத் தொட்டதா என்று பார்க்கலாம். அவ்வளவு துல்லியமாக இருக்காது.

அடி விழுவது உறுதியானால், எந்த நேரத்தில் விழுகிறது என்று கவனியுங்கள். சக்கரம் வேகத்தடையில் ஏறும்போதே விழுந்தால் பெரும்பாலும் ஸ்பிரிங் பக்கம் பிரச்சினை: எடைக்கு ஸ்பிரிங் போதவில்லை, ஷாக் ஏற்கெனவே பாதிக்கு மேல் அமுங்கிக் கிடக்கிறது. வேகத்தடையைத் தாண்டி, வண்டி மேலே எழும்பி, திரும்ப விழும்போது அடித்தால் டேம்பர் பக்கம் பிரச்சினை: எழும்பியதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

காது சொல்வதை அளவுகோலால் சரிபார்க்கலாம். இதற்கு ஒரு டேப்பும் ஒரு துணையாளும் போதும். பின் சக்கர அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே, சீட்டுக்குக் கீழே சேஸிலோ கைப்பிடிக் கம்பியிலோ ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்கும்போது முதல் அளவு. ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வண்டி மட்டும் நிற்கும்போது இரண்டாவது. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்து மூன்றாவது. பின்னால் ஆளோ சுமையோ ஏற்றி நான்காவது. ஒவ்வொரு முறையும் வண்டியை அழுத்தி மெதுவாக விட்டு ஒரு அளவும், தூக்கி மெதுவாக இறக்கி ஒரு அளவும் எடுத்து, நடு எண்ணை எழுதுங்கள். சீலின் பிடிப்பால் இரண்டும் சில மில்லிமீட்டர் மாறும்.

ஓட்டுபவர் மட்டும் உட்காரும்போது மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கினால் சரி. பின்னால் ஆள் ஏறினாலும் பாதிக்கு மேல் அமுங்காமல் நிற்பது நல்லது. அதைத் தாண்டினால் பள்ளத்தை வாங்க மிச்சம் இருக்காது.

பால் கேன் கட்டிக்கொண்டு போகும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 125 சிசி பைக், ஓட்டுபவர் 70 கிலோ, பின்னால் இரண்டு பக்கமும் 40 லிட்டர் கேன். பாலும் கேனுமாகச் சுமார் 96 கிலோ. காலிக் கேனோடு திரும்பும்போது ஒன்றுமில்லை, பாலோடு போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி. சக்கரம் தொங்கும்போது அளவு 612 மி.மீ. வண்டி மட்டும் நின்றால் 604. ஆள் ஏறினால் 587. கேன் ஏறினால் 550. பின் சக்கரத்தின் மொத்த ஓட்டம் ஏறக்குறைய 85 மி.மீ. ஆகவே ஆள் மட்டும் ஏறும்போது 25 மி.மீ அமுங்குகிறது. 85-இல் அது மூன்றில் ஒரு பங்குக்குள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. கேனோடு 62 மி.மீ. ரோட்டில் இறங்கும் முன்பே முக்கால் பங்கு கிட்டத்தட்டப் போய்விட்டது, பள்ளத்துக்கு மிச்சம் 23 மி.மீ.

குழாயில் ஈரம் இல்லை. அழுத்தி விட்டால் ஒரே ஆட்டத்தில் அமர்கிறது. ஓடிய பிறகு இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு. டேம்பர் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வண்டிக்கு கேஸ் ஷாக் போடச் சொன்னால் அது வீண் செலவு.

முதலில் செய்ய வேண்டியது, ஸ்பிரிங்குக்குக் கீழே படிக்கட்டாக இருக்கும் வளையத்தை சி ஸ்பேனரால் திருப்புவது. முதல் படியில் இருந்ததைக் கடைசி ஐந்தாம் படிக்குக் கொண்டுபோனால், படிக்கு மூன்றரை மி.மீ என்று வைத்தாலும் 14 மி.மீ உயரம் கிடைக்கும். கேனோடு அமுங்குவது 62-இலிருந்து 48 ஆகும். அடி வெகுவாகக் குறையும். ஆனால் படியை ஏற்றுவதால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை. அதே ஸ்பிரிங் உயரமான இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். காலியாகத் திரும்பும்போது ஆள் எடைக்கு 11 மி.மீ மட்டுமே அமுங்கும், ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். தினமும் இதே சுமை என்றால் சரியான தீர்வு கால் பங்கு கெட்டியான ஸ்பிரிங். கேன் ஏறும்போது 37 மி.மீ அமுங்கியது அப்போது 30 மி.மீ அளவில் நின்றுவிடும், படியையும் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. ஆளும் கேனும் சேர்ந்து 166 கிலோ. இந்த வகை கம்யூட்டர் பைக்குகளின் கையேட்டில் மொத்தச் சுமை பெரும்பாலும் 130 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கெட்டி ஸ்பிரிங் போட்டால் அடி நின்றுவிடும், ஆனால் அந்தச் சுமை ஸ்போக், ரிம், ஸ்விங் ஆர்ம், பிரேக் மேல்தான் போய் நிற்கும். கேனை 30 லிட்டராக்கினால் ஸ்பிரிங்கை மாற்றாமலே பாதிப் பிரச்சினை தீரும்.

சுமையே இல்லாமல் ஆள் மட்டும் ஏறியும் அதிகமாக அமுங்கினால்தான் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று சொல்லலாம். அப்போது கருவி உள்ள கடையில் இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுங்கள். ஒன்று குட்டையாக இருந்தாலோ, கடைசிச் சுற்று உடைந்திருந்தாலோ தெரிந்துவிடும். உடைந்த சுற்று தட்டுக்குள் ஒளிந்துகொள்ளும், கண்ணில் படாமல் போவது சகஜம்.

சின்னக் கல்லிலும் "டக் டக்"

இது பெரும்பாலும் ஷாக் இல்லை, ஷாக்கை மாட்டியிருக்கும் புஷ். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சக்கரத்தைத் தூக்கித் தூக்கி விடுங்கள், மறு கை விரலை ஷாக்கை வண்டியோடு மாட்டும் துளையான மேல் கண்ணிலும் பிறகு கீழ்க் கண்ணிலும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே ஆட்டம் தெரிகிறதோ அந்த ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் ஆட்டம் வந்தால் அது ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது சக்கர பேரிங். ஷாக்கை மாற்றி இது சரியாகாது. புஷ் மட்டும் மலிவாகக் கிடைக்கும்.

கேஸ் ஷாக்கா, சாதா ஸ்பிரிங் ஷாக்கா

கடையில் கேட்கும் விதமே குழப்பத்தை உண்டாக்கிவிடுகிறது. கேஸ் ஷாக்கிலும் ஸ்பிரிங் இருக்கிறது, எடையை அதுதான் தாங்குகிறது. "ஸ்பிரிங் ஷாக்" என்று நாம் சொல்வதிலும் உள்ளே எண்ணெய் இருக்கிறது. எண்ணெயோடு அழுத்தத்தில் நைட்ரஜன் அடைக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். சோடா பாட்டில் மூடியிருக்கும் வரை குமிழி வராமல் இருக்கிறதே, அதே காரணத்துக்காகத்தான் அழுத்தம்: எண்ணெய் நுரைக்காமல் இருக்க.

அந்த அழுத்தம் எவ்வளவு எடையைத் தாங்கும் என்று கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகிவிடும். உள்ளே 10 பார் அழுத்தம், ராடு 10 மி.மீ தடிமன் என்று வைத்துக்கொள்வோம். ராடின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 78 சதுர மி.மீ. அதன் மேல் 10 பார் தள்ளும் விசை 8 கிலோ எடைக்குச் சமம். இரண்டு ஷாக்குக்கும் சேர்த்து 16 கிலோ. மேலே சொன்ன பால் வண்டியில் இது 6 மி.மீ உயரம் தரும். 96 கிலோ கேனுக்கு முன்னால் இது எந்த மூலைக்கு? சுமைக்காக கேஸ் ஷாக் வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். மாட்டிய பிறகு நன்றாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் அதோடு வந்த ஸ்பிரிங் கெட்டியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் கேஸ் யாருக்கு? நீண்ட நேரம் மோசமான சாலையில் ஓட்டுபவர்களுக்கு, மலைப்பாதையில் ஆளோடு போகிறவர்களுக்கு, வண்டி சூடான பிறகு துள்ளுகிறது என்பவர்களுக்கு. ஊருக்குள் ஆபீஸ் போய் வருபவருக்கு நல்ல எண்ணெய் ஷாக்கே போதும். விலை குறைவு, கெட்டுப்போகும்போதும் எண்ணெய் கசிந்து முன்கூட்டியே சொல்லிவிடும். கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் மட்டும் சத்தமில்லாமல் போய்விட்டால் வெளியே ஒரு சொட்டு ஈரமும் தெரியாது.

கேஸ் ஷாக்கிலும் எல்லாம் ஒன்றல்ல. எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் சேர்ந்து இருக்கும் வகையை எமல்ஷன் என்பார்கள். 2021-இல் வந்த கிளாசிக் 350-இல் இருப்பது இரட்டைக் குழாய் எமல்ஷன் வகை, ஆறு படி வளையத்தோடு. இன்னொரு வகையில் எண்ணெயையும் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கும். சூட்டைத் தாங்குவதில் இதுதான் மேல். ஒற்றைக் குழாய் வகைகளில் பிஸ்டன் நேரடியாக வெளிக் குழாயின் சுவரில் ஓடுகிறது, கல் பட்டு ஒரு குழி விழுந்தாலும் ஷாக் அங்கேயே சிக்கும். இரட்டைக் குழாயில் வெளிக் குழாய் நசுங்கினாலும் உள்குழாய் தப்பிக்கும். கரடுமுரடான வயல் பாதைக்கு இது ஒரு நியாயமான காரணம்.

பல்சரில் "நைட்ராக்ஸ்" என்று வருவது நைட்ரஜன் வகை. பிளாட்டினாவிலும் பழைய டிஸ்கவர் சிலவற்றிலும் "ஸ்பிரிங் இன் ஸ்பிரிங்" என்று வருவதற்கும் வாயுவுக்கும் சம்பந்தமில்லை. அது ஒரு ஸ்பிரிங்குக்குள் இன்னொன்று வைத்து, சுமை ஏறும்போது கெட்டியாகும்படி செய்த அமைப்பு. அந்த வண்டிகளில் ஷாக் மாற்றும்போது ஒற்றை ஸ்பிரிங் உள்ளதை மாட்டினால், ஆள் ஏறியதும் வித்தியாசம் தெரியும்.

சந்தையில் பளபளப்பான நிறத்தில், பக்கத்தில் சின்ன உருளை ஒட்டிய ஷாக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த உருளை சிலவற்றில் வெறும் அலங்காரம், உள்ளே ஒன்றுமில்லை, குழாயோடு இணைப்பும் இல்லை. வாங்கும் முன் ஸ்பிரிங் இல்லாத ஒன்றைக் காட்டச் சொல்லி, ராடை உள்ளே தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். வாயு அழுத்தம் இருந்தால் ராடு தானாக வெளியே வரும். தள்ளிய இடத்திலேயே நின்றால் அதில் வாயு இல்லை, அல்லது போய்விட்டது. வண்டியில் இருக்கும் பழைய கேஸ் ஷாக்குக்கும் இதே சோதனைதான்.

பழையதை ரிப்பேர் செய்யலாமா

பழைய எண்ணெய் ஷாக்குகள் சில திறந்து சீல் மாற்றும் வகை. ராடு நன்றாக இருந்தால் புது சீல், ஷாக்குக்கென்ற எண்ணெய், சரியான அளவு என்று செய்து கொடுக்கும் கடைகள் உண்டு. எஞ்சின் ஆயில் ஊற்றுபவரிடம் கொடுக்காதீர்கள், அது எளிதில் நுரைக்கும். இப்போது வரும் பெரும்பாலான ஷாக்குகள் விளிம்பை மடித்து மூடியவை. அறுத்து, எண்ணெய் மாற்றி, வெல்டிங் வைத்துக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெல்டிங் சூட்டில் புது சீலே வெந்துவிடும். கேஸ் ஷாக்கை அறுப்பதும், துளையிடுவதும், தீயில் காட்டுவதும் ஆபத்து. உள்ளே இருக்கும் அழுத்தம் அதை வெடிக்க வைக்கும்.

வாங்குவதும் மாட்டுவதும்

ஒரு பக்கம் மட்டும் போயிருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புதிய ஷாக் ஒரு பக்கமும் தளர்ந்தது மறுபக்கமும் இருந்தால், ஸ்விங் ஆர்ம் ஒவ்வொரு பள்ளத்திலும் முறுக்கிக்கொள்ளும், வளைவில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரை நீளம் பழையதற்குச் சமமாக இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். 10 மி.மீ நீளம் கூடினால்கூட பின்பக்கம் உயரும், செயின் இழுப்பு மாறும், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின் சக்கரம் தரையைத் தொடவும் கூடும். கண்ணின் துளை, அகலம், கீழ் முனை வளையமா கவட்டையா என்பதும் ஒத்துப்போக வேண்டும். பெரிய உருளை வைத்ததாக இருந்தால் செயின் கவரிலும் சைலன்சரிலும் இடிக்கிறதா என்று கையால் பிடித்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்கம் முழுதாக மாற்றி முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் சக்கரம் கீழே இறங்கி, துளைகளை நேராக்க இரண்டு பேர் வேண்டும். எண்ணெய் வகை என்றால் மாட்டும் முன் நேராக நிறுத்திச் சில முறை அமுக்கி எடுங்கள், பெட்டியில் படுத்தே வந்திருக்கும். ஸ்பிரிங்கோடு கையால் அமுக்க முடியாவிட்டால், மாட்டிய பிறகு வண்டியைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விட்டாலும் போதும். நட்டுகளைக் கைமுறுக்காகப் போட்டு, வண்டி தரையில் எடையோடு நிற்கும்போது கடைசி முறுக்கு கொடுத்தால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்காது. இரண்டு பக்க வளையமும் ஒரே படியில் இருக்கட்டும். செயின் இழுப்பைச் சரிபார்த்து, நான்கு அளவுகளையும் மறுபடி எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட அந்தக் காகிதம்தான் வேண்டும். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.